கையெழுத்துக்கு மேலே ஒரு சொல்

1912 செப்டம்பர் 20. ப்ராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்த இருபத்தொன்பது வயது இளைஞர் ஒருவர், அலுவலகத்தின் பெயர் அச்சிட்ட தாளைத் தட்டச்சு இயந்திரத்தில் செருகி, பெர்லினில் இருந்த ஒரு பெண்ணுக்குக் கடிதம் எழுதினார். இருவரும் சந்தித்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. ஆகஸ்ட் 13ஆம் தேதி நண்பர் மாக்ஸ் ப்ரோட் வீட்டில் ஒரே ஒரு மாலை. அந்தப் பெண் தன்னை மறந்திருப்பாளோ என்ற பயத்தில் மறுபடி தன்னை அறிமுகம் செய்துகொண்டார். பாலஸ்தீனத்துக்குச் சேர்ந்து பயணம் போகலாம் என்று அன்று பேசியதை நினைவுபடுத்தினார். கடிதத்தின் கடைசியில் சட்டப் படிப்பில் வாங்கிய டாக்டர் பட்டத்தோடு முழுப் பெயரையும் போட்டார். டாக்டர் ஃபிரான்ஸ் காஃப்கா.

அந்தப் பெண் ஃபெலிஸ் பாவர். அடுத்த ஐந்து ஆண்டுகளில் காஃப்கா அவருக்கு எழுதிய கடிதங்களும் அஞ்சலட்டைகளும் ஐந்நூற்றுக்கு மேல். இரண்டு முறை நிச்சயதார்த்தம் நடந்து இரண்டு முறையும் முறிந்தது. இந்தக் கடிதங்களைப் படிப்பவர்கள் பெரும்பாலும் நடுப்பக்கத்தைத்தான் படிக்கிறார்கள். கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறார் என்று மட்டும் வரிசையாகப் பார்த்தாலே ஒரு காதலின் கதை முழுதும் தெரிந்துவிடும்.

அதற்கு ஜெர்மன் மொழியின் ஒரு வழக்கம் தெரிந்திருக்க வேண்டும். தமிழில் ‘நீங்கள்’, ‘நீ’ என்று இரண்டு இருப்பதுபோல் அங்கே ‘ஸீ’, ‘டூ’ என்று இரண்டு உண்டு. கடிதத்தை முடிக்கும்போது ‘ஈர்’ என்று எழுதினால் ‘தங்கள்’, ‘டைன்’ என்று எழுதினால் ‘உன்னுடையவன்’. இதுவரை நமக்குப் பழக்கமானதுதான். ஒரு வேறுபாடு உண்டு. நம் வீடுகளில் மனைவி கணவனை ‘நீங்கள்’ என்பதும் கணவன் மனைவியை ‘நீ’ என்பதும் நெடுங்கால வழக்கம். மரியாதை ஒரு பக்கமாகவே ஓடும். இன்றைய ஜெர்மனில் பெரியவர்கள் இருவருக்கிடையே அப்படி நடக்காது. இருவரும் ‘ஸீ’, அல்லது இருவரும் ‘டூ’. ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் சம்மதிக்க வேண்டும். அந்தப் படியை ஒருமுறை ஏறிவிட்டுத் திரும்ப இறங்கினால் அது உறவை முறித்ததாகவே அர்த்தம். அதனால் ‘டைன்’ என்ற சின்னச் சொல்லை ஒருவர் முதல்முறை எழுதும்போது, எதிர்ப்பக்கம் ஏற்குமா என்று தெரியாமலே கையை நீட்டுகிறார்.

1912 நவம்பர் 11 அன்று காஃப்கா அந்த இடத்தில் வந்து நின்றார். அன்றைய கடிதம் விசித்திரமானது. தினமும் கடிதம் வருவதைத் தாங்க முடியவில்லை, வாரத்துக்கு ஒன்று மட்டும் எழுதுங்கள் என்று கேட்கிறார். அதே மூச்சில் தான் அவளுக்கே சொந்தமாகிவிட்டதாகச் சொல்கிறார். தன் உடம்பு கல்யாணத்தைத் தாங்காது என்றும் சொல்கிறார். கடைசி வரிகளில், ‘டைன்’ என்று கையெழுத்திட நினைத்ததையும், அதைவிடப் பொய் வேறில்லை என்று கைவிட்டதையும் வெளிப்படையாக எழுதிவிட்டு, வெறும் ‘ஃபிரான்ஸ்’ என்று போடுகிறார். எழுதாமல் விட்ட சொல்லைச் சொல்லிவிட்டு விட்டதால், ஃபெலிஸுக்கு அது எழுதியதைவிட அழுத்தமாகவே கேட்டிருக்கும். சில நாட்களுக்குள் இருவரும் ‘டூ’வுக்கு மாறிவிட்டார்கள். டாக்டர் பட்டமும் குடும்பப் பெயரும் போன இடத்தில் ‘டைன்’ வந்து உட்கார்ந்தது.

காஃப்காவின் காலத்துச் சம்பிரதாயங்கள் பலவும் இன்று மறைந்துவிட்டன. ஆனால் ஜெர்மனில் கடிதம் முடிக்கும் சொற்கள் இன்னமும் ஏணிப்படிபோலத்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. கீழ்ப்படியில் இருப்பது ‘மிட் ஃப்ராய்ண்ட்லிஷன் க்ரூஸன்’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘நட்பான வணக்கங்களுடன்’. வரித்துறை அனுப்பும் நோட்டீசும் வக்கீல் அனுப்பும் எச்சரிக்கையும் இப்படித்தான் முடியும். அந்த ‘நட்பு’க்கு ஒரு துளிச் சூடும் கிடையாது. அதற்கு மேலே ‘ஃபீலே க்ரூஸே’, நிறைய வணக்கங்கள். அதற்கும் மேலே ‘லீபே க்ரூஸே’. ‘லீபே’ என்றால் அன்பு, காதல் இரண்டும்தான். ஆனாலும் கூட வேலை செய்பவருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் தயங்காமல் இதை எழுதலாம். அவசரத்தில் ‘எல்.ஜி.’ என்று இரண்டெழுத்தாகவும் சுருக்குவார்கள். ‘ஆலெஸ் லீபே’ இன்னும் நெருக்கம், நல்ல தோழிக்கு, அத்தைக்கு, பிறந்தநாள் வாழ்த்துக்கு. உச்சியில் ‘இன் லீபே’. ‘காதலில்’ என்று பொருள். இதை அலுவலகத் தோழருக்கு யாரும் எழுதமாட்டார்கள். இந்த மூன்று முடிப்பிலும் உள்ள வேர்ச்சொல் ஒன்றே. அது எந்தச் சொல்லோடு சேர்கிறது என்பதில்தான் மிதமான வெப்பமும் கொதிநிலையும் பிரிகின்றன.

‘நான் உன்னை நேசிக்கிறேன்’ என்று சொல்வதிலும் அங்கே இரண்டு வாசல்கள். ‘இஷ் லீபே டிஷ்’ என்பது காதலருக்கு உரியது, எடை மிகுந்தது. ‘இஷ் ஹாப் டிஷ் லீப்’ என்பதைத் தாய் மகளுக்கும், தோழி தோழிக்கும், பழகத் தொடங்கிய புதிதில் காதலர்கள் ஒருவருக்கொருவரும் சொல்லலாம். பள்ளிப் பிள்ளைகள் குறுஞ்செய்தியின் முடிவில் ‘எச்.டி.எல்.’ என்று போடுவது இதைத்தான். இத்தாலியில் இந்தப் பிரிவினை இன்னும் கறார். ‘தி ஆமோ’ என்றால் காதல் மட்டுமே. ‘தி வோலியோ பேனே’ என்பதற்குச் சொற்பொருள் ‘உனக்கு நன்மையை விரும்புகிறேன்’. பெற்றோர், உடன்பிறந்தார், நண்பர்கள் எல்லாருக்கும் அதுதான். அதையும் இளையவர்கள் ‘டி.வி.பி.’ என்றும், நிறையப் பிரியம் என்றால் நடுவில் இன்னொரு ‘டி’ சேர்த்தும் எழுதினார்கள்.

இந்த இரண்டாவது வாசலால் ஒரு வசதி உண்டு, ஒரு வலியும் உண்டு. காதலைச் சொல்லத் துணியாதவர் பிரியத்தைச் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். அதேசமயம், ‘தி ஆமோ’வை எதிர்பார்த்து உறையைப் பிரித்தவருக்கு ‘தி வோலியோ பேனே’ வந்திருந்தால், அது வாழ்த்து இல்லை, பதில். பிரெஞ்சில் இதே வேலையை ஒற்றைச் சொல் செய்துவிடுகிறது. ‘ழ தேம்’ என்றால் காதலிக்கிறேன். அதனுடன் ‘மிகவும், நன்றாக’ என்று பொருள்படும் ‘பியாங்’ என்ற சொல்லைச் சேர்த்தால் அன்பு கூட வேண்டும் அல்லவா? குறைந்துவிடும். ‘ழ தேம் பியாங்’ என்றால் ‘உன்னைப் பிடிக்கும்’, அவ்வளவுதான். பிரெஞ்சு புதிதாகக் கற்றவர்கள் அழுத்திச் சொல்வதாக நினைத்துக் காதலைத் தாங்களே தணித்துவிடும் இடம் இது.

பிரெஞ்சுக் கடிதங்களில் வெளியாருக்குப் பெரிய குழப்பம் முத்தத்தால் வருகிறது. லியோன் நகரில் இருக்கும் ஒரு தாய், வேறு ஊரில் படிக்கும் மகனுக்கு மழை, சமையல், பாட்டியின் முழங்கால் வலி எல்லாம் எழுதிவிட்டு ‘ழ தாம்ப்ராஸ்’ என்று முடிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அகராதியைப் பார்த்துத் தமிழாக்குபவர் ‘உன்னை முத்தமிடுகிறேன்’ என்று எழுதினால் தமிழ் வாசகர் திகைத்துப்போவார். இருபது வயது மகனுக்கு நம் ஊர்த் தாய் அப்படி எழுதுவதில்லை. கடிதமே வேறெதுவோ ஆகிவிடும். ‘அம்மாவின் அன்பு’ என்றோ ‘உடம்பைப் பார்த்துக்கொள்’ என்றோ போட்டால்தான் அந்தச் சூடு சரியாக வந்து சேரும். அதே ‘ழ தாம்ப்ராஸ்’ தோழியிடமிருந்து வந்தால் தோழமை, காதலியிடமிருந்து வந்தால் காதல்.

அந்தச் சொல்லுக்குள் ஒரு பழைய கதை இருக்கிறது. ‘ஆம்ப்ராஸே’ என்பதில் இருப்பது ‘ப்ரா’, அதாவது கை. முதலில் அதன் பொருள் கட்டியணைப்பது மட்டும்தான். முத்தமிடுவதற்கு ‘பேஸே’ என்ற வினைச்சொல் தனியாக இருந்தது. காலப்போக்கில் அந்த வினைச்சொல் கொச்சையான உடலுறவுச் சொல்லாகிவிடவே, நல்ல இடங்களில் அதை வாயில் எடுக்க முடியாமல் போனது. முத்தத்தின் வேலையும் அணைப்பின் சொல் தலையில் விழுந்தது. இப்போது அணைப்புக்கு எளிய சொல் இல்லாமல் ‘கைகளுக்குள் எடுத்துக்கொள்’ என்று சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதே சொல் பெயர்ச்சொல்லாக வரும்போது மட்டும் இன்றும் கண்ணியமாகவே ‘முத்தம்’ என்ற பொருளில் நிற்கிறது. பழைய பாடத்தை நம்பி வினைச்சொல்லை எழுதுகிற வெளிநாட்டவர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

முத்தத்துக்கும் அங்கே படிகள் உண்டு. ‘பீஸ்’ என்பது நண்பர்களுக்கும் பழகிய சக ஊழியர்களுக்கும் போடும் சாதாரணச் சொல், கன்னத்தோடு கன்னம் வைப்பதன் எழுத்து வடிவம். ‘பீஸூ’ இன்னும் குழைவானது, குழந்தைகளுக்கும் குடும்பத்துக்கும் நெருங்கியவர்களுக்கும். பாட்டிகள் ‘பெரிய பீஸூ’ அனுப்புவார்கள். ஆகவே பிரெஞ்சுக் கடிதத்தில் முத்தத்தைக் கண்டதும் காதல் என்று முடிவு கட்டக் கூடாது. ‘தாந்த்ரமாங்’, அதாவது ‘மென்மையாக, கனிவோடு’ என்ற சொல் சேர்ந்து வந்தால்தான் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், இதே மொழிதான் முன்பின் தெரியாதவருக்கு எழுதும்போது உலகிலேயே நீளமான முடிப்புகளில் ஒன்றைக் கேட்கிறது. ‘அம்மையீர், எனது மேலான உணர்வுகளின் வெளிப்பாட்டை ஏற்றருளுமாறு வேண்டுகிறேன்’ என்ற பாணியில் ஒரு முழு வாக்கியம். கடிதத்தின் தொடக்கத்தில் எப்படி விளித்தோமோ அதே விளியை இந்த வாக்கியத்தின் நடுவிலும் திரும்பப் போட வேண்டும். வாக்கியத்தில் ‘உணர்வுகள்’ இருந்தாலும் உணர்வு ஒன்றும் இல்லை. ஆனாலும் பழைய மரியாதை நூல்கள் அந்தச் சொல்லைக் கண்டு பயந்தன. ஒரு பெண் ஓர் ஆணுக்கு எழுதும்போது ‘உணர்வுகள்’ என்று போடக் கூடாது, வேறு சொல்லால் முடிக்க வேண்டும் என்று அறிவுரை சொல்லின. வங்கி மேலாளருக்கு எழுதும் கடிதத்திலும்கூட.

நெப்போலியன் தன் ஜோசஃபினுக்கு எழுதிய கடிதங்களில் ‘ஆயிரம் முத்தங்கள்’ வாரியிறைக்கப்பட்டிருக்கின்றன. அவரை உண்மையில் சுட்டது முத்தத்தின் எண்ணிக்கை இல்லை. 1796 மார்ச் மாதம், திருமணமாகி மூன்றே வாரத்தில், இத்தாலியப் படையெடுப்புக்காகப் போன வழியில் ஜோசஃபினின் கடிதம் வந்து சேர்ந்தது. அதில் அவள் ‘நீ’ என்னும் ‘டியூ’வை விட்டு ‘நீங்கள்’ என்னும் ‘வூ’வைப் போட்டிருந்தாள். ஒரு படையையே நடத்திக்கொண்டிருந்த தளபதி அந்த ஒற்றை எழுத்துச் சொல்லைத் தாங்க முடியாமல், என்னைப் போய் ‘நீங்கள்’ என்பாயா என்று பொருமி எழுதினார். நம் ஊரில் மனைவி ‘நீங்கள்’ என்று எழுதினால் கணவன் மகிழ்ந்திருப்பான். அங்கே அது கதவைச் சாத்தியதாகப் பட்டது.

ஆங்கிலத்தில் இந்த ‘நீ’, ‘நீங்கள்’ வேறுபாடு எப்போதோ தேய்ந்துபோயிற்று. படி ஏறியதைக் காட்ட அவர்களுக்கு வேறு அடையாளம் தேவைப்பட்டது. கையெழுத்துக்குக் கீழே போடும் பெருக்கல் குறி அதில் ஒன்று. ஒரு குறிக்கு ஒரு முத்தம். 1894இல் இளைஞரான வின்ஸ்டன் சர்ச்சில் தன் தாய்க்கு எழுதிய கடிதத்தில் அவசரத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு இந்தக் குறிகளைப் போட்டிருக்கிறார். பிரிட்டனில் இன்றும் தோழிகள் குறுஞ்செய்தியை ஒரு குறியோடு முடிப்பது வழக்கம். வழக்கமாகப் போடுபவர் ஒருநாள் போடாமல் விட்டால், என்ன கோபம் என்று கேள்வி வரும். இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களின் கடிதங்களை அதிகாரிகள் பிரித்துப் படித்துத் தணிக்கை செய்த காலத்தில், உறையின் பின்பக்கத்தில் முதலெழுத்துகளைக் கோத்துச் செய்திகள் போயின. ‘ஹாலந்து’ என்று எழுதியிருந்தால் அது நாட்டின் பெயரல்ல. நம் காதல் நிலைக்கட்டும், ஒருபோதும் சாகாதிருக்கட்டும் என்ற ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகள்.

தமிழ்க் கடிதம் முடியும் விதம் இவை எல்லாவற்றிலிருந்தும் வேறு. நம்மிடம் இருக்கும் பெரிய சொல் ‘அன்புடன்’. சங்கச் செயலாளர் உறுப்பினர்களுக்கு எழுதும் சுற்றறிக்கையிலும் அதுதான், கல்யாணப் பத்திரிகையிலும் அதுதான், கடிதத்தை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக் கொடுக்கும் காதலனின் எழுத்திலும் அதுதான். ஜெர்மன்காரர் ஐந்து படிகளில் பிரித்து வைத்ததை நாம் ஒரே சொல்லில் ஏற்றிவிட்டோம். ‘காதலுடன்’ என்று முடிப்பவர்கள் குறைவு, எழுதினாலும் கொஞ்சம் சினிமாத்தனமாக ஒலிக்கிறது. பள்ளியில் விடுப்புக் கடிதத்துக்குக் கற்றுத்தந்த ‘தங்கள் உண்மையுள்ள’, ‘கீழ்ப்படிதலுள்ள மாணவன்’ ஆகியவை ஆங்கிலேய அலுவலகங்களின் வாசகங்கள் தமிழ் உடுத்தி வந்தவை. அதற்கு முன்னால் வரும் ‘இப்படிக்கு’ பத்திர வாசனை அடிக்கும் சொல். அதைக் காதல் கடிதத்திலும் போட்டவர்கள் ஏராளம், யாருக்கும் உறுத்தியதில்லை.

அப்படியானால் தமிழில் சூடு எங்கே இருக்கிறது? ‘அன்புடன்’ என்பதற்கும் ‘உன் அன்புள்ள’ என்பதற்கும் நடுவில் இருக்கிறது. ‘உன்’ வந்ததும் அன்பு ஊர்ப் பொதுவிலிருந்து விலகி ஒருவருக்கு உரியதாகிறது. சொல்லின் விகுதியிலும் கொஞ்சம் இருக்கிறது. ‘அன்பன்’ என்று எழுதினால் எழுதியவர் ஆண், ஒருவர் என்பது அந்தச் சொல்லிலேயே வந்துவிடும். வெறும் ‘அன்பு’ ஓர் உணர்ச்சியின் பெயர். ‘அன்பன்’ என்பது ஓர் ஆள், உணர்ச்சியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்காமல் தானே அதுவாகி வந்து நிற்கும் ஆள். ‘டைன்’ என்பதில் எழுதியவர் தன்னைக் கொடுக்கிறாரே, அதற்குத் தமிழில் கிட்டத்தட்ட நிகரானது இதுதான்.

1901இல் காசியிலிருந்து பாரதியார் செல்லம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் இதைப் பார்க்கலாம். அந்தக் கால வழக்கப்படி குழந்தைப் பருவத்திலேயே கல்யாணம் நடந்திருந்தது. பாரதிக்கு அப்போது பதினெட்டு, பத்தொன்பது வயது. செல்லம்மா இன்னும் சிறுமி. தொடக்கத்தில் ‘எனதருமைக் காதலி’ என்று விளிக்கிறார். அந்தச் சொல்லை மனைவிக்குக் கடிதத்தில் எழுதுவதற்கு அன்று துணிச்சல் வேண்டும். ஆனால் உடனே அடுத்து வருவது ‘ஆசீர்வாதம்’. கணவன் மூத்தவன், வாழ்த்தும் இடத்தில் இருப்பவன் என்ற சம்பிரதாயம் கையைப் பிடித்து இழுத்துவிடுகிறது. ஒரே வரியில் காதலன் ஒருவன், வீட்டுப் பெரியவர் ஒருவர். நடுவில், வேறொருவர் எழுதியதைக் கேட்டுத் தன்னைப் பற்றிப் பயப்பட வேண்டாம் என்று தேற்றுகிறார், கவலை வரும் நேரங்களில் தமிழை நன்றாகப் படி என்கிறார். முடிவில் ஆசீர்வாதம் போன இடம் தெரியவில்லை. ‘உனதன்பன்’ என்று எழுதி, அதன் கீழே முதலெழுத்தையும் விடாமல் ‘சி. சுப்பிரமணிய பாரதி’ என்று முழுப் பெயரையும் போடுகிறார். நெருக்கமும் ஊர்மெச்சும் பெயரும் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பது அந்தக் காலத்துத் தமிழ்க் கடிதத்துக்கே உரிய அழகு. பெயர் முழுதாக இருப்பதால் அன்பு குறைந்துவிடவில்லை.

காஃப்காவோ எதிர்த்திசையில் போனார். ஃபெலிஸோடு எல்லாம் முடிந்த பிறகு, 1920இல் வியன்னாவில் இருந்த மிலேனா யெசென்ஸ்காவுக்கு எழுதத் தொடங்கினார். மிலேனா அவருடைய கதையைச் செக் மொழியில் பெயர்த்தவர், திருமணமானவர். காஃப்கா ஜெர்மனில் எழுதினார், மிலேனாவைச் செக்கில் எழுதச் சொன்னார். தொடக்கத்தில் ‘திருமதி மிலேனா’, ‘ஸீ’. கோடையில் ‘டூ’ வந்தது. கடிதம் போகப் போகக் கையெழுத்து சுருங்கியது. ‘ஃபிரான்ஸ்’ என்பது ‘எஃப்’ ஆனது. பிறகு ஒரு கடிதத்தில் பெயரே காணாமல் போய் ‘டைன்’ மட்டும் நின்றது. தன் பெயரும் தேய்ந்து தேய்ந்து கடைசியில் இந்தச் சொல்லாகிவிட்டது என்று அவரே அதைக் கவனித்து எழுதுகிறார். எட்டு வருஷத்துக்கு முன் பொய் என்று ஒதுக்கிய அதே சொல், இப்போது அவருடைய பெயராகிவிட்டது.

அதோடும் நிற்கவில்லை. இன்னொரு கடிதத்தின் அடியில் ‘ஃபிரான்ஸ்’ தவறு, ‘எஃப்’ தவறு, ‘டைன்’ என்பதும் தவறு என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் நிசப்தத்தையும் ஒரு காட்டையும் வைத்து முடித்தார். இந்தக் கடிதங்களை மிலேனா பத்திரப்படுத்தினார். 1952இல் அவை புத்தகமாக வந்தன. மிலேனா அவருக்குச் செக்கில் எழுதிய பதில்கள் அழிந்துபோயின. அந்தக் கையெழுத்துகளுக்கு மேலே இருந்த சொற்களும் அவற்றோடு போய்விட்டன.